பென்சிலின் வாக்கியம்: ஒரே மூச்சில் முடிப்பதா, வெட்டுவதா?

ஓடைக்கரை

பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் இதழ் ஒன்றுக்காக ஒரு கட்டுரையை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்து வருகிறேன். பென்சிலின் பற்றிய ஒரு வாக்கியத்தில் வண்டி நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் செய்தி வரும் வரிசையைக் குலைக்காமல் துண்டு துண்டாகத் தருகிறேன்:

அலெக்சாண்டர் ஃபிளெமிங் / (1928 செப்டம்பரில் விடுமுறை முடிந்து லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் இருந்த தம் ஆய்வகத்துக்குத் திரும்பியிருந்தவர்) / கவனித்தார் / ஒரு பூஞ்சை / (அது ஒரு தட்டில் தொற்றியிருந்தது) / (அந்தத் தட்டில் அவர் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவை வளர்த்துவந்தார்) / சுற்றியிருந்த பாக்டீரியாவைக் கொன்றுவிட்டது என்பதை / இது ஒரு கண்டுபிடிப்பு / (அதை ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃபுளோரியும் எர்ன்ஸ்ட் செயினும் பத்தாண்டுக்கு மேல் கழித்து மருந்தாக மாற்றினார்கள்) / (அந்த மருந்து போரில் காயமடைந்த ஆயிரக்கணக்கான வீரர்களைக் காப்பாற்றியது).

நான் எழுதியது:

"1928 செப்டம்பரில் விடுமுறை முடிந்து லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் இருந்த தம் ஆய்வகத்துக்குத் திரும்பிய அலெக்சாண்டர் ஃபிளெமிங், தாம் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவை வளர்த்துவந்த தட்டில் தொற்றிய பூஞ்சை சுற்றியிருந்த பாக்டீரியாவைக் கொன்றுவிட்டதைக் கவனித்து, போரில் காயமடைந்த ஆயிரக்கணக்கான வீரர்களைக் காப்பாற்றிய மருந்தாகப் பத்தாண்டுக்கு மேல் கழித்து ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃபுளோரியும் எர்ன்ஸ்ட் செயினும் மாற்றிய கண்டுபிடிப்பைச் செய்தார்."

இலக்கணப்படி இதில் குற்றம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் ஆசிரியர் குழுவிலிருந்து 'மூச்சு முட்டுகிறது' என்ற ஒற்றைக் குறிப்போடு திரும்பி வந்துவிட்டது. எங்கே வெட்டுவது, எதை விடுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

செய்திமேசை

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆங்கிலத்தில் எத்தனை வினை இருக்கிறதோ அத்தனை வாக்கியமாக்குங்கள். நாளிதழில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான்.

"அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928 செப்டம்பரில் விடுமுறை முடிந்து திரும்பினார். அவரது ஆய்வகம் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் இருந்தது. அவர் ஒரு தட்டில் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவை வளர்த்துவந்தார். அந்தத் தட்டில் பூஞ்சை தொற்றியிருந்தது. அது சுற்றியிருந்த பாக்டீரியாவைக் கொன்றுவிட்டது. இதை அவர் கவனித்தார்."

மீதியையும் இப்படியே முடித்துவிடலாம். யாருக்கும் மூச்சு முட்டாது.

குறிஞ்சிமலர்

ஸ்டெஃபைலோகாக்கஸ் என்று அப்படியே எழுதினால் குழந்தைகள் எப்படிப் படிப்பார்கள்? கலைச்சொல் அகராதிகளில் தேடிப் பாருங்கள் சகோதரி, நல்ல தமிழ்ச்சொல் கிடைக்கும். முதலில் அதைச் சரிசெய்தால் வாக்கியம் தானாக இலகுவாகிவிடும்.

பழைய மெய்ப்பு

குறிஞ்சிமலர் அம்மா, பெயரை எப்படி மாற்றினாலும் இந்த வாக்கியம் நிமிராது. சிக்கல் சொல்லில் இல்லை, அடுக்கில் இருக்கிறது.

ஓடைக்கரை, உங்கள் வாக்கியத்தை இரண்டு பாதியாகப் பாருங்கள். 'கவனித்து' வரைக்கும் உள்ள முன்பாதி கொஞ்சம் கனமானதுதான், ஆனாலும் நிற்கிறது. பின்பாதிதான் கவிழ்கிறது. காரணம் நீளமல்ல. அங்கே காலம் தலைகீழாக ஓடுகிறது. வாசகர் முதலில் போரில் காயமடைந்த வீரர்களைச் சந்திக்கிறார், பிறகு மருந்தை, பிறகு ஆக்ஸ்ஃபோர்டை, கடைசியாகக் கண்டுபிடிப்பை. நடந்தது நேர் எதிரான வரிசையில்.

ஆங்கிலத்தில் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் தொடர்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. ஒன்று, எந்தப் பொருள் என்று அடையாளம் காட்டுவது. எந்தத் தட்டு? பாக்டீரியா வளர்த்துவந்த தட்டு. இது தமிழில் பெயரெச்சமாகிப் பெயருக்கு முன்னால் இயல்பாக உட்கார்ந்துவிடும். மற்றொன்று, கதையை அடுத்த கட்டத்துக்கு நகர்த்துவது. 'ஒரு கண்டுபிடிப்பு, அதை ஃபுளோரியும் செயினும் மருந்தாக மாற்றினார்கள்' என்பது எந்தக் கண்டுபிடிப்பு என்ற கேள்விக்கு விடையல்ல. அதன் பிறகு என்ன நடந்தது என்பதற்கு விடை. அதைப் பெயரெச்சமாக்கினால், இனிமேல் நடக்கப்போவது ஏற்கெனவே நடந்து முடிந்ததாகத் தோன்றும்.

சின்ன உதாரணம் பாருங்கள். ஒருவர் மனுவை அதிகாரியிடம் கொடுத்தார், அதிகாரி அதை நிராகரித்தார். ஆங்கிலத்தில் இதை 'அதிகாரியிடம் கொடுத்தார், அவரோ நிராகரித்தார்' என்ற அமைப்பில் ஒரே வாக்கியமாக எழுதுவார்கள். இதை 'மனுவை நிராகரித்த அதிகாரியிடம் கொடுத்தார்' என்று தமிழில் எழுதினால், ஏற்கெனவே ஒருமுறை நிராகரித்தவரிடமே போய் மறுபடியும் கொடுத்தார் என்று ஆகிவிடும். இலக்கணம் சரி, செய்தி பொய்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. அந்தத் தொடருக்கு முன்னால் 'பிறகு' என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள். பொருந்தினால் அது கதை. அதற்குத் தனி வினைமுற்று கொடுங்கள். பொருந்தாவிட்டால் அது அடையாளம். பெயருக்கு முன்னால் வையுங்கள். 'பிறகு அதை மருந்தாக மாற்றினார்கள்' பொருந்துகிறது. 'பிறகு அந்தத் தட்டில் வளர்த்துவந்தார்' பொருந்தவில்லை.

செய்திமேசை சொல்வது பாதிதான் சரி. பின்பாதியை வெட்டியாக வேண்டும். ஆனால் முன்பாதியையும் அவர் போல நறுக்கினால், ஃபிளெமிங் திரும்பியதும் பூஞ்சை தொற்றியதும் அவர் கவனித்ததும் சம எடையுள்ள செய்திகளாகிவிடுகின்றன. கவனித்ததுதான் அங்கே தலைமை. மற்றவை அதற்குக் கை கொடுப்பவை. எச்சங்கள் இருப்பதே எது தலைமை, எது துணை என்று காட்டத்தான்.

நான் இப்படி எழுதுவேன்:

"விடுமுறை முடிந்து 1928 செப்டம்பரில் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனை ஆய்வகத்துக்குத் திரும்பிய அலெக்சாண்டர் ஃபிளெமிங், தாம் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவை வளர்த்துவந்த தட்டு ஒன்றில் பூஞ்சை தொற்றியிருப்பதையும், அதைச் சுற்றியிருந்த பாக்டீரியா அழிந்துபோயிருப்பதையும் கவனித்தார். பத்தாண்டுக்கு மேல் கழித்து, ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃபுளோரியும் எர்ன்ஸ்ட் செயினும் இந்தக் கண்டுபிடிப்பை மருந்தாக மாற்றினார்கள். போரில் காயமடைந்த ஆயிரக்கணக்கான வீரர்களை அந்த மருந்து காப்பாற்றியது."

இன்னொரு மாற்றமும் செய்திருக்கிறேன். உங்கள் வாக்கியத்தில் 'தட்டில் தொற்றிய பூஞ்சை' என்றவுடன், அந்தப் பூஞ்சையைப் பற்றி முன்பே எங்கோ சொல்லியிருப்பது போன்ற தொனி வந்துவிடுகிறது. ஆங்கிலம் 'ஒரு பூஞ்சை' என்று புதிதாக அறிமுகப்படுத்துகிறது. தமிழில் பெயரெச்சத்தை ஏற்ற பெயர் பெரும்பாலும் தெரிந்த பொருளாகவே கேட்கும். பூஞ்சை அங்கே இருந்ததே செய்தி என்பதால் அதை 'தொற்றியிருப்பதையும்' என்று வினையில் சொன்னேன்.

செய்திமேசை

'பிறகு' சோதனை நன்றாக இருக்கிறது ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் உங்கள் முதல் வாக்கியம் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு நீளம்தான். 'ஃபிளெமிங்' என்ற பெயருக்கும் 'கவனித்தார்' என்ற வினைக்கும் நடுவில் எவ்வளவு தூரம்! வினை கடைசியில் வருவதால் அதுவரை அந்தப் பெயரைப் பிள்ளை மனத்தில் தூக்கிக்கொண்டே நடக்க வேண்டும்.

பழைய மெய்ப்பு

தூரம் பற்றிச் சொன்னது நியாயம். அதற்கும் வாக்கியத்தை உடைக்க வேண்டியதில்லை. எழுவாயைப் பின்னால் தள்ளலாம். "ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவை வளர்த்துவந்த தட்டு ஒன்றில் பூஞ்சை தொற்றியிருப்பதையும், அதைச் சுற்றியிருந்த பாக்டீரியா அழிந்துபோயிருப்பதையும் ஃபிளெமிங் கவனித்தார்." நீளமான உறுப்பு முன்னால், குட்டையான உறுப்பு வினைக்குப் பக்கத்தில். ஆங்கிலம் கனமானதை வால்பக்கம் தள்ளும். நமக்கு அது தலைப்பக்கம் இருந்தால் சுமை குறைவு. எழுவாயை முதலில் வைத்துத்தான் ஆக வேண்டும் என்ற பழக்கம் ஆங்கில மூலத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு எழுதுவதால் வருவது. அப்படிச் செய்தால் விடுமுறை, ஆய்வகம் பற்றிய செய்தியை முன்னால் ஒரு தனி வாக்கியமாக்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

வகுப்பறை

தமிழாசிரியர் என்ற முறையில் ஒரு விதியை நினைவூட்டுகிறேன். 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் வினையைக் கொண்டே முடிய வேண்டும். தொல்காப்பியம் வினையியலிலேயே இது இருக்கிறது. 'பூஞ்சை தொற்றி, பாக்டீரியா அழிந்து, ஃபிளெமிங் கவனித்தார்' என்று யாராவது சங்கிலி கோத்தால் அது பிழை. தொற்றியது ஒன்று, அழிந்தது ஒன்று, கவனித்தவர் வேறு. மாணவர்களின் மொழிபெயர்ப்பில் இதைத்தான் நான் அதிகம் திருத்துகிறேன். எழுவாய் மாறினால் 'செய்து' வரவே கூடாது.

பழைய மெய்ப்பு

வரவே கூடாது என்று சொல்ல முடியாது ஆசிரியரே. 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்று காலங்காலமாகச் சொல்கிறோம். பெய்தது மழை, நிறைந்தது குளம். உரையாசிரியர்களே இதை எச்சத் திரிபு என்று இடம் கொடுத்து விளக்கினார்கள். முதல் நிகழ்ச்சி இரண்டாவதற்குக் காரணமாகி, இரண்டும் மனித விருப்பமில்லாமல் தாமாக நடப்பவையாக இருந்தால் காது ஏற்றுக்கொள்கிறது. அதனால் 'பூஞ்சை தொற்றிப் பாக்டீரியா அழிந்தது' வரைக்கும் எனக்கு உறுத்தவில்லை. ஃபிளெமிங்கை அதே சங்கிலியில் கோக்கும்போதுதான் அறுகிறது.

வகுப்பறை

'மழை பெய்து' மரபு வழக்கு. அதைக் காட்டிப் புதுச் சங்கிலிகளுக்கு உரிமம் கொடுக்க முடியாது. 'பூஞ்சை தொற்ற, பாக்டீரியா அழிந்தது' என்று 'செய' வாய்பாட்டில் எழுதினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இன்றைய நடை வேண்டுமானால் 'தொற்றியதால்' என்று காரணத்தையே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நான் என் விதியிலேயே நிற்கிறேன்.

கைமருந்து

என் துறையில் இதே சங்கிலி வேறு விதமாகக் கடிக்கிறது. மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் விளக்கத்தாள்களையும் நோயாளி ஒப்புதல் படிவங்களையும் மொழிபெயர்க்கிறேன். எங்கள் தொல்லை எதிர்மறை. தமிழில் கடைசி வினையில் எதிர்மறையைப் போட்டால் அது பின்னோக்கிப் போய் எந்த எச்சத்தின் மேல் விழும் என்று சொல்ல முடியாது.

'மாத்திரையைப் பொடித்து விழுங்கக் கூடாது' என்று எழுதுகிறோம். தடை ஒட்டியிருப்பது விழுங்குவதில். ஆனால் விழுங்கத்தான் வேண்டும், தடுப்பது பொடிப்பதை. இங்கே எல்லாருக்கும் புரிந்துவிடும். இதையும் பாருங்கள்: 'மாத்திரையைச் சாப்பிட்டு ஓய்வெடுக்காதவர்கள்'. சாப்பிட்டார்கள், ஓய்வுதான் எடுக்கவில்லையா? அல்லது இரண்டையுமே செய்யவில்லையா? ஆங்கில மூலத்தில் 'சாப்பிட்டவர்கள், ஆனால் ஓய்வெடுக்காதவர்கள்' என்று இரண்டு வினை தனித்தனியாக நின்றதால் குழப்பமே இல்லை. அதை எச்சமாகச் சுருக்கிய இடத்தில்தான் குழப்பம் பிறந்தது.

பழைய மெய்ப்பு

அருமையான இடம். அங்கே 'விட்டு' உதவும். 'மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு ஓய்வெடுக்காதவர்கள்' என்றால் சாப்பிட்டது முடிந்துபோன காரியம் என்று பூட்டு விழுகிறது. எதிர்மறை அதைத் தாண்டி எளிதில் பின்னால் போகாது. எதிர்பார்த்தது நடக்கவில்லை என்ற பொருள் இருந்தால் 'சாப்பிட்டும்' என்று உம்மை கொடுங்கள். 'மருந்து சாப்பிட்டும் காய்ச்சல் குறையவில்லை.' தடை சொல்லும் வாக்கியத்தில் எதிர்மறையை அது சேர வேண்டிய வினைக்கே கொண்டுபோய்விடுங்கள்: 'மாத்திரையைப் பொடிக்காமல் விழுங்க வேண்டும்.'

கைமருந்து

கடைசியாகச் சொன்னதைத்தான் நாங்களும் செய்கிறோம். ஆனால் 'விட்டு' பற்றி எனக்குச் சந்தேகம் தீரவில்லை. எங்கள் சரிபார்ப்பில் தமிழ் வாசகத்தை இன்னொருவர் மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்ப்பார். 'சாப்பிட்டுவிட்டு' என்று எழுதியும் 'இரண்டையும் செய்யாதவர்கள்' என்று ஒருவர் திருப்பி எழுதியிருந்தார். அதனால் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் எச்சமே வேண்டாம் என்பது என் கட்சி. 'மாத்திரையைச் சாப்பிட்டவர்கள், ஆனால் ஓய்வெடுக்காதவர்கள்' என்று முரட்டுத்தனமாகவே எழுதிவிடுகிறேன். நடை கெட்டால் கெடட்டும்.

ஓடைக்கரை

எல்லாருக்கும் நன்றி. ஒரு துணைக்கேள்வி. 'தட்டில் வளர்த்துவந்தார்' என்பது 'வளர்த்துவந்த தட்டு' ஆகும்போது 'இல்' காணாமல் போகிறதே, எப்போதும் இப்படி உருபை விழுங்கலாமா? இதே கட்டுரையில் 'ஃபுளோரி யாருடன் சேர்ந்து பணியாற்றினாரோ அந்த விஞ்ஞானி' என்று ஓர் இடம் வருகிறது. 'ஃபுளோரி பணியாற்றிய விஞ்ஞானி' என்று எழுதிப் பார்த்தேன், சரியாகப் படவில்லை.

பழைய மெய்ப்பு

படாது. பெயரெச்சம் உருபை விழுங்கிவிடும்; வாசகர் பொருளைப் பார்த்து அதை மீட்டெடுக்க வேண்டும். இடம், காலம், கருவி என்றால் எளிதில் மீட்டுவிடுவார். பிறந்த ஊர், வந்த நாள், வெட்டிய கத்தி எல்லாம் அப்படித்தான். தட்டை யாரும் வளர்ப்பதில்லை என்பதால் 'வளர்த்துவந்த தட்டு' தெளிவு. 'கால் உடைந்த நாற்காலி' என்பதும் நிற்கும், கால் நாற்காலியின் உறுப்பு என்பதால். 'உடன்' மட்டும் மீளாது. அங்கே வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள்: 'ஃபுளோரியுடன் பணியாற்றிய விஞ்ஞானி'. அவர் இவருடன் பணியாற்றினால் இவரும் அவருடன் பணியாற்றியவர்தானே, எதுவும் குறையாது.

யார் யாரை என்ற ஐயம் வரும் இடத்தில் இன்னும் கவனம் தேவை. 'புலி கொன்ற யானை' என்றால் செத்தது எது? உரையாசிரியர்கள் காலத்திலேயே 'புலி கொல் யானை' என்று இந்த மயக்கத்தைப் பேசியிருக்கிறார்கள். 'புலியைக் கொன்ற யானை' என்று 'ஐ' போட்டால் தீர்ந்தது. உங்கள் கட்டுரையில் 'பாக்டீரியா அழித்த பூஞ்சை' என்று எங்காவது எழுதியிருந்தால் இப்போதே போய் 'பாக்டீரியாவை' ஆக்கிவிடுங்கள்.

திரையடி

ஆவணப்படங்களுக்குத் தமிழ்த் துணைத்தலைப்பு எழுதுகிறேன். இங்கே பேசுகிற விடைகள் தாளில் நிற்கும், திரையில் நிற்காது. நமக்கு ஒரு நேரத்தில் இரண்டு வரிதான். குரல் 'கவனித்தார்' என்று சொல்லி நிறுத்தும், அப்புறம் படத்தில் தட்டைக் காட்டுவார்கள். தமிழில் பூஞ்சையும் பாக்டீரியாவும் முதல் தலைப்பிலேயே வந்துவிட, 'கவனித்தார்' அடுத்ததில் தனியாகத் தொங்கும். தட்டு திரைக்கு வருவதற்குள் நாம் கதையை உடைத்துவிடுகிறோம். அதனால் நான் 'ஃபிளெமிங் கவனித்தது இதுதான்:' என்று போட்டுவிட்டு, அடுத்த தலைப்பில் 'பூஞ்சையைச் சுற்றியிருந்த பாக்டீரியா அழிந்துபோயிருந்தது' என்று எழுதுவேன்.

பழைய மெய்ப்பு

திரையில் வேறு வழியில்லை, புரிகிறது. அச்சில் அந்தப் பாணி பரவுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 'அவர் சொன்னது என்னவென்றால்', 'இதில் முக்கியமானது எதுவென்றால்' என்று பத்திக்குப் பத்தி வந்தால் படிப்பவருக்குச் சலிப்புத் தட்டும்.

திரையடி

மேடைப் பேச்சில் அது தமிழரின் இயல்பு ஐயா. ஆங்கிலத்திலிருந்து வந்த நோய் அல்ல. அளவாக வந்தால் அச்சிலும் என்ன தவறு?

செய்திமேசை

பழைய மெய்ப்பு ஐயாவின் வாக்கியத்தில் ஒன்று இடிக்கிறது. மூலம் 'பூஞ்சை பாக்டீரியாவைக் கொன்றுவிட்டதை' என்கிறது. நீங்கள் 'பாக்டீரியா அழிந்துபோயிருப்பதை' என்று எழுதிவிட்டீர்கள். யார் கொன்றது என்பது கழன்றுவிட்டது. சங்கிலியைச் சீராக்கப் போய்ப் பொருளை மாற்றலாமா?

பழைய மெய்ப்பு

தெரிந்தேதான் மாற்றினேன். தட்டில் கண்ணுக்குத் தெரிந்தது பூஞ்சையைச் சுற்றிய வெற்றிடம் மட்டுமே. பூஞ்சை ஏதோ ஒன்றைச் சுரந்து கொன்றது என்பது அதன் பிறகு ஃபிளெமிங் வந்து சேர்ந்த முடிவு. கொன்றதைக் 'கவனிக்க' முடியாது.

வகுப்பறை

அறிவியலின்படி நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் மூல ஆசிரியரைத் திருத்துவது மொழிபெயர்ப்பாளரின் வேலை இல்லை. 'பூஞ்சை தொற்றியிருப்பதையும், அது சுற்றியிருந்த பாக்டீரியாவைக் கொன்றிருப்பதையும்' என்று எழுதினால் சங்கிலியும் கெடாது, மூலமும் கெடாது.

ஓடைக்கரை

வகுப்பறை சொன்னபடி 'கொன்றிருப்பதையும்' என்று வைத்து, பழைய மெய்ப்பு ஐயாவின் அமைப்பில் மூன்று வாக்கியமாக அனுப்புகிறேன். 'போரில்' என்பதை 'இரண்டாம் உலகப் போரில்' என்று விரித்துவிட்டேன், பிள்ளைகள் எந்தப் போர் என்று கேட்பார்கள். 'கவனித்தார்' பொருந்துமா என்ற கேள்வியை ஓரக்குறிப்பாக ஆசிரியர் குழுவுக்கே எழுதியிருக்கிறேன். மூல ஆசிரியரிடம் கேட்பதா, தாமே முடிவெடுப்பதா என்று அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

குறிஞ்சிமலர்

எல்லாம் சரி, ஸ்டெஃபைலோகாக்கஸுக்கு என்னதான் முடிவு செய்தீர்கள்?